‘இது உண்மையா, கொஞ்சம் பாரு’: ஸ்கிரீன்ஷாட்டில் மோசடியை அடையாளம் காண்பது எப்படி

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்து விழும். கீழே “இது நிஜமா, கொஞ்சம் பாரு” என்று ஒரு வரி. அனுப்பியவர் அத்தையாக இருக்கலாம், பெரியப்பாவாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாகவும் இருக்கலாம். வீட்டில் யாருக்குக் கொஞ்சம் போன் விவரம் தெரியுமோ அவரிடம்தான் இந்தக் கேள்வி வந்து சேரும். அப்படிப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் புதிதாக வந்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தியாவில் வரும் குறுஞ்செய்திகளையும் மின்னஞ்சல்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். மற்ற நாடுகளில் அனுப்புநர் பெயர் விதிகள் வேறு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரு செய்தி மோசடி என்று ஸ்கிரீன்ஷாட்டை வைத்தே உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் அது உண்மை என்று ஸ்கிரீன்ஷாட்டை வைத்து ஒருபோதும் உறுதியாகச் சொல்ல முடியாது. படத்தில் தெரிவது அனுப்பியவர் காட்ட நினைத்தது மட்டும்தான்; பொத்தானுக்குப் பின்னால் எந்த முகவரி இருக்கிறது, அதற்கு முன் யார் போன் செய்தார்கள் என்பதெல்லாம் அதில் வராது. அதனால் நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் இரண்டுதான். ஒன்று, “இது மோசடி.” இன்னொன்று, “இதை வைத்துச் சொல்ல முடியாது, அந்தச் செய்தியைத் தொடாமல் நேராக இங்கே போய்ப் பாருங்கள்.” “உண்மைதான், தைரியமா கிளிக் பண்ணுங்க” என்ற மூன்றாவது பதிலைச் சொல்லவே கூடாது.

முழுப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்

வரும் படம் பெரும்பாலும் நடுவில் வெட்டியதாக இருக்கும். செய்தி மட்டும் தெரியும், மேலே அனுப்புநர் பெயர் இருக்காது. நமக்கு வேண்டியதே அந்த மேல் வரிதான். “அத்தை, மேலே யார் அனுப்பினாங்கன்னு தெரியிற மாதிரி முழுசா எடுத்து அனுப்புங்க” என்று கேளுங்கள். திரையில் அதே அனுப்புநரிடமிருந்து முன்பு வந்த செய்திகளும் தெரிந்தால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும் என்பதால் இணைப்பின் எழுத்துகள் மங்கலாக வரும். எச்டி தரத்தில் அனுப்பச் சொல்லுங்கள். மங்கலான படத்தில் `rn` என்ற இரண்டு எழுத்து `m` போலத் தெரியும். பல போலி முகவரிகள் நம்பியிருப்பதே அந்தக் குழப்பத்தைத்தான்.

கூடவே இரண்டு கேள்வி. “இதுக்கு முன்னாடி யாராவது போன் பண்ணினாங்களா?” “நீங்க ஏற்கெனவே எதையாவது தொட்டீங்களா?” இரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் படத்தை ஆராய்வதை அப்படியே நிறுத்திவிட்டு, இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள். அந்த நேரத்தில் ஆராய்ச்சியைவிட அவசரம்தான் முக்கியம்.

படத்தில் ஓடிபி இருந்தால் குழுவில் போட வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். ஓடிபி வந்த செய்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பிறகு வருகிறேன்.

அனுப்புநர் வரியைப் படிப்பது

இந்தியாவில் வங்கி, அரசுத் துறை, கடை, கூரியர் என்று எந்த நிறுவனம் மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பினாலும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி தன் பெயரையும், அனுப்பப்போகும் செய்தியின் மாதிரியான வார்ப்புருவையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். அப்படிப் பதிவான பெயர்தான் திரையின் மேலே `AD-HDFCBK-S` என்பது போன்ற வடிவில் வருகிறது. நடுவில் இருப்பது நிறுவனத்தின் பெயர்க்குறி. முன்னால் இருக்கும் இரண்டு எழுத்தில் முதலாவது எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனம் வழியாக வந்தது என்பதைக் காட்டும்: `A` என்றால் ஏர்டெல், `J` என்றால் ஜியோ, `V` என்றால் வி, `B` என்றால் பிஎஸ்என்எல். இரண்டாவது எழுத்து எந்தத் தொலைத்தொடர்பு வட்டம், அதாவது எந்தச் சேவைப் பகுதி என்பது. மதுரையில் இருப்பவருக்கு டெல்லி வட்டத்தின் `D` வந்தாலும் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. நிறுவனம் எங்கே பதிவு செய்ததோ அங்கிருந்து வரும்.

கடைசி எழுத்து 2025 மே மாதத்திலிருந்து வந்தது. `P` என்றால் விளம்பரம், `S` என்றால் சேவைச் செய்தி, `T` என்றால் ஓடிபி போன்ற பரிவர்த்தனைச் செய்தி, `G` என்றால் அரசுச் செய்தி. நடுக்குறி யாருடையது என்று தெரியவில்லை என்றால் `smsheader.trai.gov.in` என்ற டிராய் தளத்தில் போட்டுப் பார்க்கலாம்.

இதிலிருந்து கிடைக்கும் பலன் எளிமையானது. வங்கி, மின்வாரியம், அஞ்சல் துறை என்று சொல்லிக்கொள்ளும் குறுஞ்செய்தி, `+91` என்று தொடங்கும் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்திருந்தால் அது மோசடி. வெளிநாட்டு எண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஐபோனில் ஐமெசேஜ் வழியாக ஏதோ ஒரு இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்திருந்தாலும் அப்படித்தான். இந்த ஒரு சோதனையிலேயே பாதிப் படங்களுக்கு மேல் முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

ஆனால் இதைத் திருப்பிப் போட்டுவிடக் கூடாது. பதிவான பெயர்க்குறியிலிருந்து வந்ததாலேயே செய்தி நல்லது என்று ஆகிவிடாது. சில நிறுவனங்களின் குறிகளையும் வார்ப்புருக்களையும் வேறு ஆட்கள் தவறாகப் பயன்படுத்தியதால்தான், 2023-இல் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்கும்படி டிராய் உத்தரவிட்டது. அதோடு ஒரு படத்தில் மேல் வரியைத் திருத்துவதும் பெரிய வேலை இல்லை. குறி இல்லை என்றால் அது வலுவான சான்று. இருந்தால் பலவீனமான சான்று, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப் படமாக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. முகப்புப் படத்தில் வங்கியின் சின்னமோ காவல்துறை முத்திரையோ யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதை ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு படத்தை முழுதாகப் படித்துப் பார்ப்போம்

2022-இல் நாடு முழுக்கப் பரவி, இன்னும் அவ்வப்போது தலைகாட்டும் ஒரு செய்தி இருக்கிறது. ஆங்கிலத்தில் வரும். பொருள் இதுதான்: “அன்பான வாடிக்கையாளரே, உங்கள் கடந்த மாத மின்கட்டணம் அப்டேட் ஆகாததால் இன்று இரவு 9.30 மணிக்கு மின் அலுவலகத்திலிருந்து உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே எங்கள் மின் அதிகாரியை இந்த எண்ணில் தொடர்பு கொள்ளவும்.” கீழே ஒரு செல்பேசி எண். இணைப்பு எதுவும் கிடையாது, அதனால் பலர் இதில் ஆபத்து இல்லை என்றே நினைத்துவிடுகிறார்கள்.

இதைத் தமிழ்நாட்டில் ஒருவர் நமக்கு அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேல் வரியைப் பார்த்தால் பத்து இலக்க எண். அதோடு முடிந்தது, ஆனாலும் மேலே படிப்போம். ஏனென்றால் மேல் வரி வெட்டப்பட்ட படம் வரும் நாளில் மற்ற அடையாளங்களை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்து, யாருக்கு எழுதியிருக்கிறது? “அன்பான வாடிக்கையாளரே” என்று மட்டும் இருக்கிறது. பெயர் இல்லை என்பதைவிட முக்கியம், மின் இணைப்பு எண் இல்லை என்பது. மின்வாரியத்துக்கு உங்களை உங்கள் பெயரால் தெரியாது, இணைப்பு எண்ணால்தான் தெரியும். ஒரு வீட்டில் மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மூன்று இணைப்புகள் இருப்பது சகஜம். எந்த இணைப்பைத் துண்டிக்கப் போகிறார்கள் என்றே சொல்லாமல் துண்டிப்பு அறிவிப்பு எப்படி அனுப்ப முடியும்? தொகையும் இல்லை, கடைசித் தேதியும் இல்லை. இந்த ஒரே செய்தியை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அப்படித்தான் லட்சக்கணக்கில் அனுப்புகிறார்கள்.

அப்புறம் “கடந்த மாதக் கட்டணம்” என்ற சொல். தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுத்துக் கட்டணம் போடுகிறார்கள். மாதாமாதம் கட்டணம் வரும் மாநிலங்களுக்கு எழுதிய செய்தியை அப்படியே இங்கேயும் அனுப்பியிருக்கிறார்கள். மோசடிச் செய்திகளில் இப்படிப்பட்ட உள்ளூர்ப் பிழைகளைத் தேடிப் பழகுங்கள். எழுத்துப் பிழையைவிட இவை நம்பகமானவை. எழுத்துப் பிழையை இப்போதெல்லாம் எளிதாகத் திருத்திவிடலாம். திருநெல்வேலியில் கட்டணம் எப்படி வருகிறது என்பதை, எங்கோ உட்கார்ந்து மொத்தமாக அனுப்புகிறவன் தெரிந்துவைத்திருப்பது அரிது.

“அப்டேட் ஆகவில்லை” என்ற சொல்லையும் கவனியுங்கள். கட்டவில்லை என்று சொன்னால், கட்டியவர் கண்டுகொள்ள மாட்டார். அப்டேட் ஆகவில்லை என்றால், ஒழுங்காகக் கட்டியவருக்கும் பயம் வரும். “நான் கட்டிட்டேனே, எங்கயோ தப்பு நடந்திருக்கு” என்று அவரே போனை எடுப்பார். மிகவும் யோசித்துப் போட்ட சொல் அது. கட்டணம் ஒழுங்காகக் கட்டும் முதியவர்கள் இதில் அதிகம் சிக்குவதைப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

இரவு 9.30 என்பதும் அப்படித்தான். பகலில் பிரிவு அலுவலகம் திறந்திருக்கும், நேரில் போய்க் கேட்டுவிடலாம். இரவுக்குள் என்று சொன்னால், அலுவலகம் மூடிய பிறகு கேட்க வேறு ஆள் இல்லை, செய்தியில் இருக்கும் எண் ஒன்றுதான். அவசரம் காட்டும் எந்தச் செய்தியிலும் இதைப் பாருங்கள்: கொடுத்திருக்கும் நேரம், சரிபார்க்கும் வழிகளை மூடுகிறதா?

கடைசியாக, அந்த எண்ணை அழைத்தால் என்ன ஆகும்? எதிர்முனையில் மரியாதையாகப் பேசுவார்கள். “உங்க கணக்குல அப்டேட் பண்ணித் தர்றேன், ஒரு ஆப் போடுங்க, பத்து ரூபா மட்டும் கட்டுங்க” என்பார்கள். போடச் சொல்லும் ஆப் எனிடெஸ்க் அல்லது டீம்வியூவர் குயிக்சப்போர்ட் போன்ற திரைப் பகிர்வு ஆப். அந்த ஆப் மோசடி ஆப் அல்ல, பிளே ஸ்டோரிலேயே கிடைக்கும். அதனாலேயே சந்தேகம் வராது. அதன் வழியாக உங்கள் திரை முழுக்க அவனுக்குத் தெரியும். பத்து ரூபாய் கட்டும்போது நீங்கள் தட்டும் அட்டை எண்ணும், வந்து விழும் ஓடிபியும் அவன் கண்முன் நடக்கும். பத்து ரூபாய் போனால் போகட்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவனுக்கு வேண்டியது அந்தப் பத்து ரூபாய் அல்ல.

அத்தைக்குச் சொல்ல வேண்டிய பதில் இப்படி இருக்கலாம்: “இது மோசடி அத்தை. அந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க. மனசு கேக்கலன்னா மின்வாரியத்தோட மின்னகம் உதவி நம்பர் 94987 94987-க்கு கூப்பிட்டு, இணைப்பு எண்ணைச் சொல்லி பாக்கி இருக்கான்னு கேளுங்க.” மோசடி என்று சொல்வதோடு நிறுத்தாமல் சரிபார்க்க ஒரு வழியும் காட்டினால்தான் பயத்தில் இருப்பவர் கேட்பார். வெறுமனே “அதெல்லாம் ஃப்ராடு, விடுங்க” என்றால், இரவு ஒன்பது மணிக்கு அவர் கை தானாக அந்த எண்ணுக்குப் போகும்.

இணைப்பை வலமிருந்து படியுங்கள்

படத்தில் இணைப்பு இருந்தால் அதைத் தொடவோ, உங்கள் போனில் தட்டிப் பார்க்கவோ வேண்டாம். கண்ணால் படித்தாலே போதும். ஆனால் படிக்கத் தெரிய வேண்டும்.

அஞ்சல் துறை பெயரில் வரும் பார்சல் செய்தியை எடுத்துக்கொள்வோம். “உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, இரண்டு முறை கொண்டுவந்தோம், முகவரி முழுமையாக இல்லை, 48 மணி நேரத்துக்குள் திருத்துங்கள், இல்லையேல் திரும்பிப் போய்விடும்” என்று வரும். இது போலி என்று மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவும் எச்சரித்திருக்கிறது. அதில் வரும் இணைப்பு இந்த மாதிரி அமைப்பில் இருக்கும் (கடைசிச் சொல்லை நான் மாற்றியிருக்கிறேன்):

```
https://indiapost.gov.in.parcel-help.example/in
```

கண் இடமிருந்து படிக்கும். `indiapost.gov.in` என்று பார்த்ததும் மனம் நின்றுவிடும். இதைத் தெரிந்தே அப்படி வைத்திருக்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது இது: `https://` என்பதை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அந்தச் சாய்கோட்டிலிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கி வாருங்கள். முதலில் `example`, அதற்கு முன் `parcel-help`. தளத்தின் சொந்தக்காரர் இந்த இரண்டும் சேர்ந்த `parcel-help.example` தான். அதற்கும் முன்னால் இருப்பதெல்லாம் அவர் தன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்ட பெயர்கள். `indiapost` என்றும் ஒட்டலாம், `rbi` என்றும் ஒட்டலாம், யாரும் தடுக்க முடியாது.

உண்மையான அஞ்சல் துறைத் தளத்தில் சாய்கோட்டுக்கு முன் கடைசியாக நிற்பது `indiapost.gov.in`. `.gov.in` என்ற முடிவை அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள். வங்கிகளுக்கும் இப்போது இப்படி ஒரு முடிவு வந்துவிட்டது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் `.bank.in` என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. ஸ்டேட் வங்கி `sbi.bank.in` ஆகிவிட்டது. புள்ளிக்கும் சிறு கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள். `sbi.bank.in` வேறு, `sbi-bank.in` வேறு. பின்னதை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்க முடியும்.

`bit.ly` போன்ற சுருக்கிய இணைப்பு இருந்தால் படத்திலிருந்து எதுவும் சொல்ல முடியாது. எங்கே போகும் என்பது அதற்குள்ளே ஒளிந்திருக்கிறது. இங்கே இரண்டாவது பதிலைச் சொல்லுங்கள்: தொட வேண்டாம், நேராகத் தளத்துக்கோ ஆப்புக்கோ போய்ப் பாருங்கள்.

பார்சல் செய்தியில் இன்னொரு அடையாளமும் உண்டு, ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு. கடைசியில் “Y என்று பதில் அனுப்பிவிட்டு, செய்தியை மூடித் திறந்தால் இணைப்பு வேலை செய்யும்” என்று எழுதியிருப்பார்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் இணைப்பை ஐமெசேஜ் தட்ட முடியாதபடி வைத்திருக்கும்; நீங்கள் பதில் அனுப்பினால், தெரிந்தவர் என்று எடுத்துக்கொண்டு அந்தத் தடையை நீக்கிவிடும். அந்தப் பாதுகாப்பை உங்கள் கையாலேயே எடுக்க வைக்கும் வேலை இது. இப்படி ஒரு வரி இருந்தால் மேலே எதையும் பார்க்க வேண்டியதில்லை, மோசடிதான்.

“நான் உண்மையிலேயே ஒரு பார்சல் எதிர்பார்க்கிறேனே” என்பார்கள். யாராவது எப்போதும் எதையாவது எதிர்பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். கண்காணிப்பு எண் செய்தியில் இருக்கிறதா என்று கேளுங்கள். விரைவு அஞ்சலில் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் `IN` என்று பதின்மூன்று இடம் கொண்ட எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஏதாவது எண் இருந்தால் `indiapost.gov.in` என்று கையால் தட்டிப் போய், அங்கே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மின்னஞ்சல் படம் என்றால்

மின்னஞ்சலின் ஸ்கிரீன்ஷாட் குறுஞ்செய்தியைவிடக் குறைவாகத்தான் சொல்லும். போனில் அனுப்புநரின் பெயர் மட்டும் பெரிதாகத் தெரியும், அந்தப் பெயரை அனுப்புகிறவர் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். “வருமான வரித் துறை” என்று பெயர் வைத்துக்கொண்டு ஏதோ ஒரு தனியார் முகவரியிலிருந்து அனுப்பினாலும் படத்தில் வருமான வரித் துறை என்றுதான் தெரியும்.

அதனால் இன்னொரு படம் கேளுங்கள். ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குக் கீழே `to me` என்று சின்னதாக இருக்கும், பக்கத்தில் ஒரு கீழ்நோக்கிய அம்புக்குறி. அதைத் தொட்டு விவரங்களைத் திறந்தால் முழு முகவரியும் விரியும். `mailed-by`, `signed-by` என்ற வரிகளும் அங்கே வரலாம்; எந்தத் தளத்திலிருந்து அனுப்பப்பட்டது, எந்தத் தளம் கையொப்பமிட்டது என்பதை அவை காட்டும். பதில் போகும் முகவரி வேறாக இருந்தால் அதுவும் தெரியும். முகவரியில் `@` குறிக்குப் பின்னால் வருவதை மட்டும் படியுங்கள், அதுவும் மேலே சொன்னதுபோல வலமிருந்து.

ஒரு எடுத்துக்காட்டு. ஆகஸ்ட், செப்டம்பர் வந்துவிட்டால் “உங்களுக்கு வரி திரும்ப வர வேண்டியிருக்கிறது, வங்கி விவரத்தை இங்கே உறுதிசெய்யுங்கள்” என்று ஒரு மின்னஞ்சல் சுற்றத் தொடங்கும். வருமான வரித் துறையின் மின்னஞ்சல்கள் `incometax.gov.in` என்று முடியும் முகவரிகளிலிருந்து வருகின்றன. முகவரி போலவே அந்தத் துறை வேலை செய்யும் முறையும் நமக்கு உதவும். திரும்ப வர வேண்டிய தொகை, வரித் தளத்தில் நீங்கள் ஏற்கெனவே சரிபார்த்துப் பதிவு செய்த வங்கிக் கணக்குக்கு நேராகப் போகும். அட்டை எண்ணோ, ஓடிபியோ, கடவுச்சொல்லோ கேட்கவே தேவையில்லை. கணக்கில் உண்மையிலேயே ஏதாவது சிக்கல் இருந்தால் அதைத் தளத்துக்குள் நுழைந்துதான் சரிசெய்ய முடியும். ரிட்டர்னைப் பரிசீலித்த பிறகு வரும் உண்மையான அறிவிப்பு ஒரு பிடிஎஃப் கோப்பு. அதைத் திறக்க உங்கள் பான் எண்ணைச் சிறிய எழுத்தில் போட்டு, தொடர்ந்து பிறந்த தேதியைப் போட வேண்டும். போலி மின்னஞ்சலில் இருப்பதோ பெரிய நீலப் பொத்தான்.

அந்தப் பொத்தான் எங்கே போகிறது என்பது படத்தில் தெரியாது. கணினியில் மின்னஞ்சலைத் திறந்து, அழுத்தாமல் சுட்டியை மட்டும் அதன் மேல் வைத்தால், உலாவியின் அடிப்பக்க மூலையில் முகவரி தோன்றும். போனில் நீண்ட நேரம் அழுத்திப் பார்க்கும் வழி உண்டுதான், ஆனால் விரல் தவறினால் தளம் திறந்துவிடும். பெரியவர்களிடம் அதைச் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

செய்தி உண்மை, ஆபத்து வேறு இடத்தில்

இப்போது ஓடிபி. ஒருவர் அனுப்பும் படத்தில் அனுப்புநர் குறி சரி, வங்கியின் பெயர் சரி, இணைப்பு எதுவும் இல்லை, ஆறு இலக்கம் மட்டும் இருக்கிறது. மேலே சொன்ன எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். ஏனென்றால் செய்தி உண்மையிலேயே வங்கி அனுப்பியதுதான். ஆனால் அவர் எதுவும் வாங்கவில்லை, எங்கும் உள்நுழையவில்லை. அப்படியென்றால் வேறு யாரோ அவர் கணக்கில் அல்லது அட்டையில் ஏதோ செய்ய முயல்கிறார்கள், வங்கி அவரைக் கேட்கிறது.

இதனால்தான் “இதுக்கு முன்னாடி யாராவது போன் பண்ணினாங்களா” என்று முதலிலேயே கேட்கச் சொன்னேன். “ஆமா, பேங்க்ல இருந்து பேசினாங்க, ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்கன்னாங்க” என்ற பதில் வந்தால் முழுக் கதையும் அங்கேயே இருக்கிறது. அந்தச் செய்தியின் மீதி வரிகளையும் படிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தொகை, எந்தக் கடை என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். இலக்கத்தைத் தேடும் அவசரத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை.

போக்குவரத்து அபராதச் செய்தியும் ஓரளவுக்கு இப்படித்தான். உண்மையான அபராதங்களும் குறுஞ்செய்தியாக வருகின்றன, அதனால் “அபராதச் செய்தியா, அப்போ மோசடி” என்று சொல்லிவிட முடியாது. `echallan.parivahan.gov.in` என்று கையால் தட்டிப் போய் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அபராதம் இருந்தால் அங்கே இருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் `.apk` என்று முடியும் கோப்போடு வந்தால் தயங்காமல் மோசடி என்று சொல்லலாம். எந்த அரசுத் துறையும் அபராத ரசீதை ஆண்ட்ராய்டு ஆப்பாக அனுப்புவதில்லை. அதை நிறுவினால், வரும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் ஓடிபியை யாரிடமும் வாயால் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடும்.

ஏற்கெனவே தொட்டுவிட்டார் என்றால்

திட்ட வேண்டாம். திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள், இந்த முறையே பாதியை மறைப்பார்கள். எது வரை போனது என்று பொறுமையாகக் கேளுங்கள், அடுத்து என்ன செய்வது என்பது அதைப் பொறுத்தது.

தளத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடியிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. அட்டை விவரமோ கடவுச்சொல்லோ கொடுத்திருந்தால், அட்டைக்குப் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள். ஏதாவது ஆப் நிறுவியிருந்தால் முதலில் அந்தப் போனில் ஏரோபிளேன் மோடைப் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக்கு வேறொரு போனிலிருந்து பேசுங்கள். ஆப்பை நீக்குவதெல்லாம் அப்புறம்.

பணம் போயிருந்தால் உடனே 1930. இது நாடு முழுவதுக்குமான சைபர் நிதி மோசடி உதவி எண். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நகர்ந்துகொண்டே இருக்கும், எடுத்து முடிப்பதற்குள் தடுத்து நிறுத்த முயல்வதுதான் அவர்கள் வேலை. அதனால் இரவானாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். `cybercrime.gov.in` தளத்திலும் புகார் பதியலாம். வங்கிக்கும் அப்போதே தெரிவித்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, நீங்கள் தெரிவித்த பிறகு அங்கீகாரமில்லாமல் நடக்கும் இழப்பு வங்கியின் பொறுப்பு.

பணம் எதுவும் போகவில்லை, செய்தி மட்டும்தான் வந்தது என்றால் `sancharsaathi.gov.in` தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் அதைத் தெரிவிக்கலாம். அங்கே ஸ்கிரீன்ஷாட்டையும் ஏற்றலாம், வந்த எண்ணையும் நேரத்தையும் கேட்பார்கள். ஆகவே புகார் கொடுத்து முடிக்கும்வரை அந்தச் செய்தியை அழிக்க வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிவிடுங்கள். பயத்தில் பலர் முதலில் செய்வது அதை அழிப்பதுதான்.